ஏழாவது கட்டு: ஃபிக்சர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருவியை வழிநடத்தும் ஜிக்காக இருந்தாலும், பணிப்பொருளைத் தாங்கிப் பிடிக்க மட்டும் செய்யும் ஃபிக்சராக இருந்தாலும், முதல் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு பணிப்பொருளும் முந்தையது அமர்ந்த இடத்திலேயே அமர வேண்டும். கட்டில்லாத ஒரு பொருள் மூன்று அச்சுகளின் வழியே நகரவும், அதே மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பவும் முடியும். இந்த ஆறு அசைவுகளையும் 3-2-1 முறை கட்டுப்படுத்துகிறது. அடியில் உள்ள மூன்று ரெஸ்ட்கள் மேல்-கீழ் நகர்வையும் இரு சாய்வுகளையும், பக்கவாட்டில் உள்ள இரண்டு லொகேட்டர்கள் ஒரு நகர்வையும் கிடைமட்டச் சுழற்சியையும், முனையில் உள்ள ஒன்று எஞ்சிய நகர்வையும் நிறுத்துகின்றன. ஆறில் ஒன்று விடுபட்டால் பணிப்பொருள் கையிலேயே ஆடும் என்பதால், அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். உறுதிக்கு என்று சேர்க்கப்படும் ஏழாவது கட்டுதான் பல நாள் கண்ணில் படாமல் கெடுக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இரு துளைகளைக் கொண்டு இடம் நிறுத்தும் ஃபிக்சர். அடிப்பரப்பு மட்டமாகக் கடையப்பட்டு, 150 மி.மீ. இடைவெளியில் 12 மி.மீ. அளவில் இரண்டு துளைகள் ரீமர் போடப்பட்ட ஒரு வார்ப்பு மூடியை எடுத்துக்கொள்வோம். அடிப்பரப்பு மூன்று அசைவுகளை எடுத்துக்கொள்கிறது. முதல் வட்டப் பின் இரண்டை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியிருப்பது அந்தப் பின்னைச் சுற்றித் திரும்பும் அசைவு ஒன்று மட்டுமே. இரண்டாவது துளைக்கும் வட்டப் பின்னையே பொருத்தினால், அது திரும்புதலைத் தடுப்பதோடு, முதல் பின் ஏற்கெனவே தடுத்துவிட்ட நீளவாக்கு நகர்வையும் மறுபடி தடுக்கிறது.

துளைகளின் இடைவெளிக்கு ±0.05 மி.மீ., ஃபிக்சரில் உள்ள பின்களின் இடைவெளிக்கு ±0.01 மி.மீ. அளவு விலகல் அனுமதிக்கப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையே 0.06 மி.மீ. வரை வேறுபாடு வரலாம். துளையின் மிகக் குறைந்த அளவு 12.00, பின் 11.98 என்றால், இரு பின்களும் சேர்ந்து தாங்கக்கூடிய வேறுபாடு 0.02 மி.மீ. மட்டுமே. ஆகவே சில மூடிகள் இயல்பாக இறங்கும், சில இறங்கா. இறங்காதவற்றைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதும், பின்பு நெம்பி எடுப்பதும் பல பட்டறைகளில் வழக்கமாகிவிடுகின்றன. இரண்டாவது பின்னை 11.90 ஆகத் தேய்த்துவிட்டால் எல்லா மூடிகளும் இறங்கும். ஆனால் அந்த முனையில் பக்கவாட்டு ஆட்டம் ±0.01-இலிருந்து ±0.05 மி.மீ. ஆகப் பெருகும். இந்தத் தீர்வு முதல் தவறைவிட மோசமானது.

சரியான வழி டயமண்ட் பின். இரு பக்கமும் செதுக்கப்பட்ட இந்தப் பின்னில், துளையைத் தொடும் இரண்டு குறுகிய பட்டைகள் மட்டுமே மிஞ்சும். பட்டையின் அகலம் 2 மி.மீ., துளைக்கும் பின்னுக்கும் உள்ள விட்ட வேறுபாடு 0.02 மி.மீ. என்றால், அது நீளவாக்கில் விடும் இடம் ஏறத்தாழ 12 × 0.02 ÷ (2 × 2) = 0.06 மி.மீ. ஆகும். முதல் பின்னின் 0.01 மி.மீ. இதனுடன் சேர்வதால் எந்த மூடியும் சிக்காது. பக்கவாட்டு ஆட்டமோ பழைய ±0.01-இலேயே நிற்கும். பட்டையை இன்னும் குறுக்கினால் விரைவில் தேயும் என்பதால் தேவைக்கு மேல் செதுக்கக் கூடாது.

டயமண்ட் பின்னைப் போட்டுவிட்டு அதன் திசையைத் தவறவிடுவதும் உண்டு. பட்டைகள் இரு துளைகளையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் தொட வேண்டும். 90 பாகை திரும்பிவிட்டால், சிக்கலும் தீராது, திரும்புதலும் தடைபடாது. பழைய பின்னை மாற்றும்போது இது எளிதில் நேர்ந்துவிடுகிறது. எனவே பின் தானே திரும்பாதபடி பூட்டும் அமைப்பு தேவை. வட்டப் பின்னைச் சற்று உயரமாக வைத்தால் ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டும் பொருத்தினால் போதும். பணிப்பொருளை ஏற்றுபவருக்கு இது பெரிய உதவி.

கடையப்படாத வார்ப்புப் பரப்பின் அடியில் நான்கு நிலையான ரெஸ்ட்களை வைப்பதும் இதே வகைப் பிழைதான். கரடான பரப்பு மூன்றில்தான் அமரும். நான்காவதில் கிளாம்ப் அழுத்தினால் வார்ப்பு வளைந்து இறங்கும். வளைந்த நிலையில் மட்டமாகக் கடையப்பட்ட பரப்பு, கிளாம்பைத் தளர்த்தியதும் மீண்டெழுந்து மட்டம் இழக்கும். நான்காவது தாங்கல் அவசியமானால், வார்ப்பு மூன்றிலும் அமர்ந்த பின் மெல்லத் தொடும் வரை உயர்த்திப் பூட்டக்கூடிய ஜாக்காக அது இருக்கட்டும். கிளாம்ப்களும் ரெஸ்ட்களுக்கு நேர் மேலே அழுத்த வேண்டும். இரண்டு ரெஸ்ட்களுக்கு நடுவே அழுத்தினால் இதே வளைவு மூன்று ரெஸ்ட்களிலும் வரும்.

ஏழாவது கட்டைக் கண்டுபிடிக்க ஒரு டயல் கேஜ் போதும். பணிப்பொருளை ஏற்றி, கிளாம்ப் போடும் முன் மேற்பரப்பில் டயலைப் பூஜ்ஜியமாக்கி, கிளாம்ப்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கிளாம்ப்பை இறுக்கும்போது முள் தெளிவாக நகர்கிறதோ, அந்தக் கிளாம்ப்பின் அடியில் பொருள் ரெஸ்டில் முழுமையாக அமரவில்லை. அந்த இடத்தில் சிப் சிக்கியிருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முள் நகர்ந்தால் மட்டுமே ஃபிக்சரைச் சந்தேகிக்க வேண்டும்.