ஒரு ‘பேங்’, நான்கு தமிழ்ச் சொற்கள்: காமிக்ஸ் ஒலிச்சொற்களை மொழிபெயர்ப்பது எப்படி?

ஆங்கில காமிக்ஸில் கதவை அறைந்து சாத்தினாலும் ‘பேங்’, துப்பாக்கி சுட்டாலும் ‘பேங்’, மேஜையில் ஓங்கிக் குத்தினாலும் ‘பேங்’. அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் சத்தம் கேட்காது. ‘பேங்க்’ என்று எழுத வந்தவர் பாதியில் விட்டுவிட்டார் என்றுதான் தோன்றும்.

1. சொல்லை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒலிச்சொற்களை மட்டும் தனியே ஒரு பட்டியலாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண், கட்ட எண், எது எதில் மோதுகிறது, ஒரு தடவையா தொடர்ந்தா, சொல் வசனப் பலூனுக்குள் இருக்கிறதா படத்தோடு வரையப்பட்டிருக்கிறதா என்று குறியுங்கள். மூலச் சொல் கடைசி வரிசையில் இருந்தால் போதும். ‘கதவு, மரம், ஒரு தடவை, பலமாக’ என்று எழுதியதுமே ‘படார்’ தானாக வந்து நிற்கும். துப்பாக்கிக்கு ‘டுமீல்’, வெடிகுண்டுக்கு ‘டமால்’, மேஜைக்குத்துக்கு ‘டம்’.

2. கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

பொருத்தமான சொல் சட்டென்று கிடைக்காதபோது கைகொடுப்பது இதுதான். ‘டொக்’, ‘டொங்’, ‘டொம்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது மரத்தில் விரல் தட்டுவது. ஒலி அங்கேயே அறுந்துவிடுகிறது. இரண்டாவது உலோகம், தட்டிய பிறகும் ரீங்காரம் நிற்கிறது. மூன்றாவது உள்ளே வெற்றிடமுள்ள பீப்பாய் மாதிரி. க், ச், ப் ஒலியை வெட்டும்; ங், ம் அதிரவிடும்; ர், ல் சிதறவிடும். இது இலக்கண விதி இல்லை, காதுக்கணக்கு. ஆனால் பெரும்பாலும் தப்பாது.

3. ஒற்றையா, இரட்டையா?

ஒரே அடிக்கு ‘தட்’. ஓடும் கால்களுக்குத் ‘தடதட’. இரட்டைக்கிளவியைப் பாதியாகப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியம் சொன்னது. அதனால் ‘சலசல’ என்பதில் இடம் போதவில்லை என்று ஒரு ‘சல’வை வெட்டாதீர்கள், எழுத்தின் அளவைக் குறையுங்கள். வசனத்துக்குள் வந்தால் ‘தடதடவென்று ஓடினான்’. படத்தின் மேல் வந்தால் ‘என்று’ வேண்டாம், ‘தடதட’ மட்டும் போதும்.

4. ஒரு பக்கத்தைச் செய்து பார்ப்போம்

நான்கு கட்டங்கள். இரவு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். துருப்பிடித்த கீல் முனகக் கதவு திறக்கிறது. வாசலில் நின்றவர் பிணமாகச் சரிந்து விழுகிறார். திறந்தவளின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

முதல் கட்டம் ‘டொக் டொக்’. இரண்டாவது ‘க்ரீச்’. மூன்றாவதில்தான் பலர் சறுக்குவார்கள்: ‘தொபுக்கடீர்’ என்று போட்டால் வாசகர் சிரித்துவிடுவார், ஏனென்றால் அது வேடிக்கையாக விழுபவர்களுக்கான சொல். இங்கே ‘தொப்’ போதும். நான்காவது கட்டத்தின் மூலச் சொல் இதயத்தின் ‘தம்ப் தம்ப்’. வெளியே யாருக்கும் கேட்காத ஒலி என்பதால் தமிழில் அச்சத்தைச் சொல்லும் ‘திக் திக்’ பொருந்தும்.

5. நீட்டும்போது புள்ளிவட்டம் வரும்

கதவு மெதுவாகத் திறக்கிறது என்று காட்ட ‘க்ரீச்’சை நீட்ட வேண்டும். ‘ீ’ குறியையே திரும்பத் திரும்பத் தட்டினால், தனியாக நிற்க முடியாத அந்தக் குறி புள்ளிவட்டத்தோடு திரையில் தெரியும். முழு உயிரெழுத்தைச் சேருங்கள்: ‘க்ரீஈஈச்’, ‘டமாஆஆல்’. அளபெடையில் ‘ஆஅ’, ‘ஈஇ’ என்று குறில்தான் வரும். அப்படி எழுதினாலும் தவறில்லை. புத்தகம் முழுக்க ஒரே முறையாக இருக்கட்டும். நெடில் இல்லாத ‘தட்’ போன்றவற்றை நீட்டவே கூடாது, வேகம் போய்விடும்.

எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. ‘டொக்’ இரண்டு அடுக்குதான்: ‘டொ’, ‘க்’. கொம்பையும் காலையும் பிரித்துத் தனித்தனியே வைத்த வடிவமைப்பு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

6. அனிமேஷனாக இருந்தால்

டப்பிங்குக்குப் பெரும்பாலும் இசையும் ஓசைகளும் தனித் தடமாகவே வரும். அப்போது வெடிச்சத்தத்துக்கு நீங்கள் சொல் தேட வேண்டியதில்லை. பாத்திரமே வாயால் ‘பூம்!’ என்று சொல்லும் இடம்தான் உங்கள் வேலை. அந்தச் சொல்லில் உதடு மூடித் தொடங்கி மூடியே முடிகிறது. ‘டமால்’ போட்டால் கடைசியில் வாய் திறந்திருக்கும், படத்தில் மூடியிருக்கும். ‘டும்’ முடிவில் ஒட்டும், தொடக்கத்தில் ஒட்டாது. ‘படாம்’ இரண்டிலும் ஒட்டும். முகம் தூரத்தில் இருந்தால் மட்டும் தாராளமாக ‘டமால்’.