நாயின் கால்களுக்கிடையே ஒரு பூனை: வெற்றிடத்தில் உருவம் ஒளிந்த லோகோவை விவரிப்பதும் சோதிப்பதும்

நெகட்டிவ் ஸ்பேஸ் லோகோ, அதாவது வெற்றிடத்திலேயே இன்னோர் உருவம் ஒளிந்திருக்கும் லோகோ, வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு உருவங்களின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். "கால்நடை மருத்துவமனைக்கு லோகோ, நாய்க்குள் பூனை ஒளிந்திருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், கருப்பு நாயின் வயிற்றில் வெள்ளைப் பூனை ஒட்டப்பட்ட படம்தான் திரும்பி வரும். அதில் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. பூனையை எடுத்துவிட்டாலும் நாய் அப்படியே இருக்கும். வெற்றிட லோகோவில் அப்படி எடுக்க முடியாது, ஏனெனில் ஒரே விளிம்புதான் இரண்டு உருவங்களையும் வரைகிறது. ஆகவே விவரிக்க வேண்டியது அந்தப் பொது விளிம்பையே.

1994இல் லேண்டர் நிறுவனத்தில் லிண்டன் லீடர் வடிவமைத்த ஃபெடெக்ஸ் லோகோவில், பெரிய 'ஈ' எழுத்துக்கும் சிறிய 'எக்ஸ்' எழுத்துக்கும் இடையே உள்ள வெள்ளை அம்பைப் பலரும் அறிவார்கள். இருக்கும் எழுத்துருவை அப்படியே அடுக்கியதால் அந்த அம்பு அமைந்துவிடவில்லை. யூனிவர்ஸ், ஃபியூச்சுரா ஆகிய இரண்டு எழுத்துருக்களின் கூறுகளைக் கலந்து எழுத்துகளையே திருத்தி வரைந்த பிறகுதான் அம்பு ஒழுங்காக அமைந்தது. நம் நாய் பூனை லோகோவிலும் அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

படி 1: விளிம்பைச் சொற்களில் எழுதுதல்

கணினியைத் திறப்பதற்கு முன் எழுதி முடித்துவிடுங்கள். நான் எழுதும் விவரிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நாய் பக்கவாட்டில் நிற்கிறது, தலை வலப்புறம், முழுக் கருப்பு, உள்ளே கோடுகள் இல்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் உள்ள வெள்ளை இடமே பூனை. அது நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நாயின் வயிற்றுக்கோடு மேலே குடைந்து சென்று பூனையின் தலையாகவும் இரண்டு காதுகளாகவும் ஆகிறது. நாயின் முன்கால் முழங்கை பின்னோக்கியும், பின்கால் முட்டி முன்னோக்கியும் துருத்தி, பூனையின் கழுத்தை இரு பக்கமும் நெருக்குகின்றன. கால்களின் உள்விளிம்புகள் பூனையின் உடம்பு. பாதங்களை ஒரு கருப்புத் தரைக்கோடு இணைக்கிறது. முதலில் தெரிய வேண்டியது நாய்."

இதில் மூன்று தேர்வுகளுக்குக் காரணம் உண்டு. பூனை நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அதன் வடிவம் சமச்சீராகிறது. சமச்சீரான, புடைத்த, நாற்புறமும் சூழப்பட்ட பரப்பைக் கண் எளிதில் உருவமாக எடுத்துக்கொள்கிறது, மற்றவற்றைப் பின்னணியாகத் தள்ளிவிடுகிறது. தரைக்கோடு இல்லாவிட்டால் வெள்ளைப் பரப்பு கீழ்ப்பக்கமாகத் தாளோடு கலந்துவிடும், பூனை வெறும் இடைவெளியாகிவிடும். கழுத்தை முழங்கையும் முட்டியும் நெருக்குவதால், பூனைக்குத் தேவையான வளைவு நாயின் உடம்பில் இயல்பாகவே இருக்கும் இடத்தில் கிடைக்கிறது. இப்படி இரண்டு உருவங்களும் ஒத்துப்போகும் ஓர் இடமாவது அகப்படாவிட்டால், அந்த யோசனையைக் கைவிட்டு வேறு இணையைத் தேடுவதே நல்லது.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விளிம்பு பொதுவானது என்பதால் பூனைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நெளிவும் நாயிடமிருந்து எடுக்கப்படுகிறது. எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லாவிட்டால், வடிவமைப்பாளர் இரண்டையும் பாதிப் பாதி சிதைத்துவிடுவார்.

படி 2: வரைதல்

கருப்புத் தாளில் நாயை வெட்டி, வயிற்றுப் பக்கத்தைக் கத்தரியால் சிறிது சிறிதாகக் குடைந்து பார்ப்பதைத்தான் நான் விரும்புகிறேன். பென்சிலில் வரையும்போது கை தானாகப் பூனைக்குக் கண்ணும் மீசையும் போட்டுவிடும். கத்தரியால் அது முடியாது. கண் போட்டால்தான் பூனை தெரிகிறது என்றால், விளிம்பு தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

குடையும்போது காதுகள் மேலே ஏற ஏற நாயின் நடுவுடல் மெலிந்துகொண்டே போகும். காது நுனிக்கு மேல் எஞ்சும் கருப்பின் கனம் நாயின் ஒரு காலின் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. அதற்கும் கீழே போனால் சிறிய அளவில் நாய் இரண்டு துண்டுகளாக உடைந்து தெரியும்.

படி 3: இங்க்ஸ்கேப்பில் ஓட்டையாக்குதல்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கருப்பு நாயின் மேல் வெள்ளை நிறப் பூனையை வைத்தால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்; ஆனால் பழுப்பு அட்டைப்பெட்டியில் அச்சிடும் அன்று, அது ஓட்டை இல்லை, வெள்ளை வில்லை என்பது அம்பலமாகும். பூனை மேலே, நாய் கீழே இருக்குமாறு வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, `Path > Difference` கொடுங்கள். மேலே இருக்கும் வடிவம் கீழே இருப்பதிலிருந்து கழிக்கப்படும். பிறகு பின்னால் ஒரு மஞ்சள் செவ்வகத்தை வைத்துப் பாருங்கள்: பூனை மஞ்சளாக மாற வேண்டும்.

அடுத்து மஞ்சள் செவ்வகத்தை நீக்கிவிட்டு, வண்ண வாளிக் கருவியை எடுத்துப் பூனையின் நடுவில் சொடுக்குங்கள். பரப்பு மூடியிருந்தால் பூனை மட்டும் நிறையும். எங்கேனும் திறந்திருந்தால் நிரப்ப மறுத்து, பரப்பு மூடப்படவில்லை என்று இங்க்ஸ்கேப் கீழே செய்தி காட்டும். நிறைந்த பூனையை வேறொரு பக்கத்துக்கு நகர்த்தி, நாயே இல்லாமல் தனியாகப் பாருங்கள். தனியாக நிற்கும்போதே அது பூனையாகத் தெரியவில்லை என்றால், நாயின் கால்களுக்கிடையே அது தெரியும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

(பிற்சேர்க்கை: படம் மூடியிருந்தும் வாளி மறுக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கருவி திரையில் தெரியும் பகுதியை வைத்தே வேலை செய்கிறது. முழு லோகோவும் சாளரத்துக்குள் தெரியும்படி சுருக்கிக்கொண்டு மறுபடி சொடுக்குங்கள்.)

படி 4: பிறர் கண்ணில் சோதித்தல்

ஒளிந்த உருவத்தை ஒருமுறை கண்டவருக்கு அதைக் காணாமலிருக்க முடியாது. எனவே வரைந்தவரின் தீர்ப்பு செல்லாது. லோகோ கேட்டவரின் தீர்ப்பும் செல்லாது. சோதனைக்கு அமர்த்தும் ஒவ்வொருவரும் ஒருமுறைதான் பயன்படுவார் என்பதால், முதல் வரைவிலேயே வீட்டார் அனைவரிடமும் காட்டி ஆட்களைத் தீர்த்துவிட வேண்டாம்.

இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "பூனை தெரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். நாய் என்ற பதில் தயங்காமல் வர வேண்டும். பூனையைச் சொல்லாவிட்டால் பாதகமில்லை. அடுத்ததாக, "இன்னொரு விலங்கும் இருக்கிறது" என்று சொல்லிப் படத்தைக் கையில் கொடுங்கள். தாமே கண்டுபிடித்தால் லோகோ தேறியது. நீங்கள் விரலால் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தால் தேறவில்லை.

தவறான பதில்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவையே திருத்த வேண்டிய இடத்தைச் சொல்கின்றன. முயல் என்றால் காது நீளம் அதிகம். பாட்டில் என்றால் காதுகள் மழுங்கிவிட்டன, கழுத்து மட்டும் தெரிகிறது. நாய்க்குப் பதிலாக மேசை, ஆடு என்று வந்தால் வயிற்றை அதிகம் குடைந்துவிட்டீர்கள். அங்கே பூனைதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

படி 5: அளவும் நிறமும்

உலாவியின் தாவலில் வரும் சின்னம் 16 பிக்சல் அகலம். அதில் நாயின் கால்களுக்கிடையே ஆறு பிக்சல் கிடைத்தால் பூனைத் தலைக்கு நான்கு, காதுக்கு ஒன்று என்றுதான் வரும். ஒரு பிக்சலில் காது கூர்மையாக இருக்காது. அந்த அளவுக்கு முழு லோகோவைச் சுருக்காமல், நாயின் தலையை மட்டும் தனிச் சின்னமாக வைத்துவிடுங்கள். ரப்பர் முத்திரையில் மை பரவிக் காதுகளின் கூர்முனையை அடைத்துவிடும். முத்திரைக்கென்று காதுகளை அகலமாக்கிய தனிக் கோப்பு வேண்டும்.

கருமையான பின்னணிக்கு நிறத்தை மாற்றும்போதும் இதே சிக்கல் வரும். நாய் வெள்ளையாகவும் பூனை கருப்பாகவும் மாறியவுடன், வெள்ளைப் பரப்பு கண்ணுக்குச் சற்றுப் பெரிதாகத் தோன்றுவதால் நாய் பருத்துப் பூனை மெலியும். அந்தக் கோப்பில் பூனையின் விளிம்பை `Path > Outset` கொண்டு சிறிது விரித்து, மறுபடி நாயிலிருந்து கழித்து, இதுவரை லோகோவைப் பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள்.