கசகசப்பைச் சொல்வது ஈரப்பத சதவீதம் அல்ல

சென்னையில் காலை 27 டிகிரி, ஈரப்பதம் 87%. மதியம் 35 டிகிரி, ஈரப்பதம் 55%. காற்று உலர்ந்துவிட்டதா? இல்லை. இரண்டு நேரத்திலும் பனிநிலை (டியூ பாயின்ட்), அதாவது காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 24.6 டிகிரிதான். காற்றிலுள்ள நீராவி அப்படியே இருக்கிறது; வெயில் ஏறியதால் சதவீதம் மட்டும் இறங்கியிருக்கிறது.

வியர்வை காய்வதைத் தடுப்பது அந்த நீராவிதான். அதனால் வானிலை ஆப்பில் பனிநிலையைப் பாருங்கள். 16-க்குக் கீழே என்றால் சுகம். 20 தாண்டினால் பிசுபிசுப்பு தெரியும். 24-க்கு மேல் போனால் சட்டை முதுகில் ஒட்டும். நம் கடலோரத்துக்காரர்களுக்கு 22 வரை பழகியிருக்கும், அது வேறு விஷயம்.

ஊட்டியில் 12 டிகிரியில் ஈரப்பதம் 95% காட்டும். பனிநிலை 11-தான், கசகசப்பே இருக்காது. ஆனால் வெயில் சூட்டைப் பனிநிலை சொல்லாது, அதற்கு வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள்.