இடது கெண்டைக்கால் வலி: தசைப்பிடிப்பா, ரத்தக்கட்டியா?

கர்ப்பமாக இருந்தபோது ஏழாம் மாதம் வரை மும்பை செம்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே வேலைக்குப் போய்வந்தேன். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முட்டியை நேராக்கி, கால் விரல்களை என் பக்கம் இழுத்துப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும். புடைப்புக்கு டாக்டர் அளவெடுத்துத் தந்த அழுத்தக் காலுறை. அதைக் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும்; கால் வீங்கிய பிறகு போடுவது பெரும்பாடு.

அப்புறம் ஒருநாள் இடது காலில் மட்டும் வலி. நீட்டிப் பார்த்தும் விடவில்லை. காலையில் அந்தக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தது. மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"தேய்க்க வேண்டாம் அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றேன்.

அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தக்கட்டி. கர்ப்பத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் வருமாம். இடது காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரையை, வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே அழுத்துகிறது. மேலே கருப்பையின் பாரம் வேறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலில் தினமும் போட்டுக்கொண்டேன். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. பிரசவத்துக்குப் பிறகும் குறைந்தது 6 வாரம் தொடரச் சொன்னார்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றும் எச்சரித்து அனுப்பினார்கள்.