ஜப்பானிய மொழில எண்ணும்போது பண்ற தப்புகள்: சன்ஹொன் இல்லீங்க, சம்பொன்

ஜப்பானிய மொழி படிக்கிறவங்க முதல்ல தலைல கை வைக்கிற இடம் இந்த கவுண்டர் விஷயம்தான். நம்ம மாதிரி "மூணு பென்சில், மூணு நாய், மூணு சட்டை"ன்னு ஒரே எண்ணை எல்லாத்துக்கும் போட முடியாது, எண்ணோட ஒரு சின்ன வால் ஒட்டணும், அந்த வால் பொருளைப் பாத்து மாறும். நீட்டமா இருந்தா ஹொன், தட்டையா இருந்தா மாய், சின்ன மிருகம்னா ஹிக்கி, புஸ்தகம்னா ஸட்ஸு, வண்டி மெஷின்னா டாய், மனுஷன்னா நின். சீன மொழி, தாய், மலாய், வியட்நாமிஸ்லயும் இதே கூத்து உண்டு, ஆனா ஜப்பானியத்துல வாலோட சத்தமும் மாறித் தொலையும், அதனால அதை மட்டும் எடுத்துக்கறேன்.

தமிழ்ல இது சுத்தமா இல்லன்னும் சொல்ல முடியாது. "மூணு நாய்"னு சொல்ற நாமதான் ஆளுங்கள எண்ணும்போது "மூணு பேர்"ங்கறோம், அந்த பேர்தான் அவங்க நின். இன்னும் வேடிக்கை என்னன்னா நாமளும் ஒரே ஒரு ஆள்னா "ஒரு பேர்"னு சொல்றதில்ல, ஒருத்தர்னு தனி வார்த்தை வெச்சிருக்கோம். அவங்களும் அப்படித்தான், ஒருத்தர் ஹிதோரி, ரெண்டு பேர் ஃபுதாரி, மூணுலேந்துதான் ஸன்னின். ஹோட்டல் வாசல்ல "எத்தன பேர்"னு கேட்டா "நினின்"னு சொல்லி மாட்டிக்காதீங்க, ஃபுதாரி.

இப்ப முதல் தப்பு. பெரும்பாலானவங்க டேபிள் போட்டு உருப்போடுவாங்க, ஹொன்னுக்கு ஒண்ணுலேந்து பத்து, ஹிக்கிக்கு ஒண்ணுலேந்து பத்துன்னு பத்து டேபிள், நானும் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தேன், கிளாஸ்ல கேட்டா ஒண்ணுலேந்து வரிசையா சொல்லிட்டே போனாத்தான் ஆறு வரும், நடுவுல கேட்டா வராது. யாகிதோரி கடைல (கம்பில குத்தி சுட்ட கோழி, கம்பி நீட்டமா இருக்கறதால ஹொன்) நான் "யாகிதோரி ஓ சன்ஹொன் குடஸாய்"னு கேட்டேன், அந்தம்மா சிரிக்கவெல்லாம் இல்ல, "சம்பொன் தெஸுனே"ன்னு மெதுவா சொல்லிட்டு மூணு கம்பி வெச்சாங்க. புரிஞ்சுது, ஆனா தப்பு.

அந்த சம்பொன்ன தமிழ்ல எழுதிப் பாத்தப்பதான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு. ஹொன்னோட ஒண்ணுலேந்து பத்து வரைக்கும் இதான்: இப்பொன், நிஹொன், சம்பொன், யோன்ஹொன், கோஹொன், ரொப்பொன், நானாஹொன், ஹப்பொன், க்யூஹொன், ஜுப்பொன். இத படிக்கும்போது நீங்க என்ன பண்றீங்க பாருங்க. "அம்பு"ல வர்ற ப-வ நாம தானா மெல்லிசா சொல்றோம், "அப்பா"ல வர்ற ப்ப-வ அழுத்தி சொல்றோம், யாரும் சொல்லித் தரல. ஜப்பானிய வாலும் அதேதான் செய்யுது, மூக்குச் சத்தத்துக்கு அப்புறம் மெல்லிசான ப, அழுத்தம் வந்தா அழுத்தின ப்ப, சும்மா இருந்தா ஹ. அதனால தமிழ் எழுத்துல எழுதி வெச்சுகிட்டா உச்சரிப்பு இந்த இடத்துல தப்பவே தப்பாது.

ஏன் ஹ-வும் ப-வும் மாறி மாறி வருதுன்னா, ஜப்பானியத்துல இன்னிக்கு ஹ-ன்னு இருக்கறது பழைய காலத்துல ப. நம்ம பக்கத்து வீட்டு கன்னடத்துல பால் ஹாலு ஆச்சு, பூ ஹூவு ஆச்சு இல்ல, அதே கதை. தனியா நின்னப்ப ப தேஞ்சு ஹ ஆயிடுச்சு, ஆனா முன்னாடி ஒரு மெய்யெழுத்து இறுக்கிப் பிடிச்ச இடத்துல பழைய ப அப்படியே மாட்டிகிட்டு நின்னுடுச்சு. ஒண்ணு, ஆறு, எட்டு, பத்து இந்த நாலும் சீனத்துலேந்து வந்தப்ப மெய்யெழுத்துல முடிஞ்ச எண்கள், அதான் அங்க ப்ப.

சரி, மூணுக்கு சம்பொன்னா நாலுக்கு யோம்பொன்னுதான வரணும்? இங்கதான் அடுத்த தப்பு, விதி புரிஞ்சவங்கதான் இதுல விழுவாங்க. ஸன் சீனத்துலேந்து வந்த எண், யோன் அவங்க சொந்த எண், அதோட பழைய வடிவம் வெறும் யோ, அந்த ன் பின்னாடி வந்து ஒட்டிகிட்டது, அதனால பழைய வாலை அது தொடல. யோன்ஹொன்தான். ஏழுக்கு வர்ற நானா-வும் சொந்த எண்தான், அங்கயும் மாறாது. ஆக மாறுறது 1, 3, 6, 8, 10 மட்டும், அதுல 3 மட்டும் ம்ப, மத்ததெல்லாம் ப்ப.

இது தெரிஞ்சா ஹிக்கிக்கு தனி டேபிள் வேண்டாம், இப்பிக்கி, நிஹிக்கி, சம்பிக்கி. கிளாஸ்ல ஊத்தின பானத்துக்கு ஹாய், அதுக்கும் வேண்டாம், இப்பாய், நிஹாய், சம்பாய். ஸட்ஸுவுக்கு ப கிடையாது, ஆனா அழுத்தம் உண்டு, இஸ்ஸட்ஸு, ஹஸ்ஸட்ஸு, ஜுஸ்ஸட்ஸு, ஆறு மட்டும் ரோகுஸட்ஸுன்னு அப்படியே நிக்கும். மாய், டாய் ரெண்டுலயும் ஒரு மாத்தமும் இல்ல, அதுக்குப்போய் டேபிள் போடுறது நேர விரயம். இன்னொன்னு, கடைல விலை கேட்டுப் பழகினவங்களுக்கு இது ஏற்கனவே தெரியும்: 300 சம்ப்யாக்கு, 400 யோன்ஹ்யாக்கு, 600 ரொப்ப்யாக்கு, 800 ஹப்ப்யாக்கு. நூறுங்கற ஹ்யாக்குவும் ஹ-ல ஆரம்பிக்குது, அதான். எட்டுக்கு சந்தேகம் வந்தா 800 யென் எப்படி சொல்வீங்கன்னு யோசிங்க.

எந்தப் பொருளுக்கு எந்த வால்ங்கறத பட்டியலா படிக்காம பொருளோட சேத்துப் படிக்கணும். ஃப்ளாஷ்கார்டுல "குடை"ன்னு எழுதி பின்னாடி "கஸா, இப்பொன், சம்பொன்"னு ரெண்டே எண், 1-ம் 3-ம் போதும், மத்தது அதுலேந்து வந்துடும். இதுல ஒரு பொறி இருக்கு, புஸ்தகத்துக்கு ஜப்பானிய வார்த்தையே ஹொன், எழுத்தும் இந்த வாலோட அதே எழுத்து, ஆனா புஸ்தகத்த எண்ண ஹொன் போடக்கூடாது, ஸட்ஸுதான். மூணு புஸ்தகம் இருக்குன்னா "ஹொன் கா ஸன்ஸட்ஸு". அதே மாதிரி பீர் எதுல இருக்குன்னு பாருங்க, ரெண்டு பாட்டில் நிஹொன், ரெண்டு கிளாஸ் நிஹாய். இது ஒண்ணும் புதுசு இல்ல, நாம வாழப்பழத்த சீப்புன்னும் தாருன்னும் வாங்கறோமே, அந்த மாதிரி. அவங்க சீப்புக்கு ஃபுஸா, தனித்தனியா பிச்சா ஒரு பழம் இப்பொன்.

வார்த்தை வரிசைல நம்ம ஆளுங்க இங்கிலீஷ் வழியா படிச்சு சொதப்புறாங்க. மூணு ஆப்பிள் கேக்க "மிட்ஸு ரிங்கோ குடஸாய்"னு எண்ணை முன்னாடி போடுவாங்க. காய்கறிக் கடைல நாம என்ன சொல்றோம், "தேங்கா மூணு குடுங்க". அதேதான், "ரிங்கோ ஓ மிட்ஸு குடஸாய்", பொருள் முதல்ல, எண் பின்னாடி. தமிழ்ல யோசிச்சா நேரா வரும்.

அந்த மிட்ஸுல இருக்கற ட்ஸுதான் எல்லாரோட ஊன்றுகோல், வால் மறந்து போச்சுன்னா ஹிதோட்ஸு, ஃபுதாட்ஸு, மிட்ஸுன்னு பொதுவா சொல்லித் தப்பிக்கலாம், ஜப்பான்காரங்களே ஹோட்டல்ல ட்ராஃப்ட் பீருக்கு "நாமா ஃபுதாட்ஸு"ன்னுதான் சொல்வாங்க. ஆனா இத மனுஷனுக்கும் உயிரோட இருக்கற மிருகத்துக்கும் போடாதீங்க, "பூனை ஃபுதாட்ஸு"ன்னா பொம்மைப் பூனைன்னு நெனப்பாங்க. அப்புறம் இது பத்தோட முடிஞ்சுடும், பத்து தோ, பதினொண்ணுக்கு இந்த வரிசைல வார்த்தையே கிடையாது, ஜூஇச்சின்னு சாதா எண்ணுக்குப் போகணும், இல்ல சின்ன உருண்டைப் பொருள்னா கோ-ங்கற வாலை ஒட்டி ஜூஇக்கோ.