பார்க்கிங் சீட்டு தொலைந்து, கூடுதல் பணம் கேட்டால் என்ன செய்யலாம்?

போன மாதம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாலில் எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். வெளியே வரும்போது சீட்டைக் காணோம். கவுன்டரில் இருந்தவர் 380 ரூபாய் கேட்டார். "சீட்டு இல்லன்னா காலையில திறந்த நேரத்திலிருந்துதான் சார் கணக்கு" என்றார்.

முதல் வேலை, அந்தத் தொகையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். எனக்குப் பிரித்தபோது சீட்டுத் தொலைத்ததற்கு 200, காலை 10 மணியிலிருந்து மாலை 6.40 வரை நிறுத்தியதற்கு 180. முதல் 2 மணி நேரத்துக்கு 40, பிறகு ஒவ்வொரு மணிக்கும் 20 என்பது அங்கே கட்டணம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு வாதாடக் கூடாது. தொலைந்த சீட்டுக்கான தொகை நுழைவாயில் பலகையில் எழுதியிருந்தால் அதைக் குறைப்பது கடினம். பலகையைப் போட்டோ எடுத்துப் பாருங்கள். என் விஷயத்தில் எழுதியிருந்தது. ஆனால் நேரக் கணக்கு அப்படி இல்லை. வண்டி எப்போது உள்ளே வந்தது என்பதை நிரூபித்தால் அது மாறியாக வேண்டும்.

அதற்கு வண்டி எண்ணும் நேரமும் சேர்ந்திருக்கும் சான்றுதான் சிறந்தது. நான் தர்மபுரியிலிருந்து வந்தேன். ஓமலூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் எடுத்த எஸ்எம்எஸ்ஸில் என் வண்டி எண்ணும் மாலை 3.31 என்ற நேரமும் இருந்தன. அப்படியானால் காலை 10 மணிக்கு என் கார் மாலில் இருந்திருக்க முடியாது. மாலுக்குள் வாங்கிய கடை பில் இதற்குப் போதாது. நீங்கள் உள்ளே இருந்ததை அது காட்டுமே தவிர, எப்போது வந்தீர்கள் என்பதைக் காட்டாது.

அடுத்து, ஆர்.சி.யைக் காட்டி, நுழைவுக் கேமராவில் வண்டி எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். அன்றைக்கே கேளுங்கள், பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். பின்னால் வண்டிகள் நின்று ஹாரன் அடித்ததால் நான் 380-ஐக் கட்டிவிட்டேன். ஆனால் ரசீது வாங்கிக்கொண்டேன். ரசீது தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

அப்புறம் மால் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல். வண்டி எண், தேதி, ரசீது, எஸ்எம்எஸ் படம், கேட்கும் தொகை, இவை போதும். கேமராவில் நான் நுழைந்தது 4.10. இரண்டரை மணி நேரத்துக்கு 60 ரூபாய்தான். 180-இல் அது போக 120-ஐத் திருப்பிக் கேட்டேன். 200-ஐக் கேட்கவில்லை, அதனால்தான் இழுபறி ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் 120 ரூபாய் கணக்குக்கு வந்துவிட்டது.