நீண்ட சாட்டில் Ctrl+F: ‘0/0’ என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பெயிண்டரோடு பேசி முடித்த செயலாளர், குழுவில் இப்படிப் போட்டிருக்கிறார்: “பெயிண்டர் ஓகே சொல்லிட்டார். வெளிச்சுவருக்கு பிரைமர் + *2 கோட்*, சாமான் அவர் பொறுப்பு.” நவம்பரில் வேலை முடிகிறபோது, “ஒரு கோட்தானே பேசினோம்” என்கிறார் பெயிண்டர். பொருளாளர் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கிறார். Ctrl+F அழுத்தி “இரண்டு கோட்” என்று தட்டுகிறார். குரோம் ‘0/0’ என்கிறது. அப்படி ஒரு செய்தியே குழுவில் வரவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டால், சங்கம் இன்னொரு கோட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதுதான்.

செய்தி அங்கேதான் இருக்கிறது. தேடிய விதத்தில்தான் கோளாறு. இதில் இரண்டு தனித்தனித் தவறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, எங்கே தேடினார் என்பது.

பிரவுசர் கையில் இருப்பதை மட்டுமே தேடும்

Ctrl+F (மேக்கில் Cmd+F) வாட்ஸ்அப்பின் தேடல் அல்ல, பிரவுசரின் தேடல். இந்த நிமிடம் அந்தப் பக்கத்தில் எழுத்தாக ஏற்றப்பட்டிருப்பது எதுவோ, அதற்குள் மட்டும்தான் அது தேடும். சாதாரணக் கட்டுரை முழுவதுமாக இறங்கிவிடுவதால் அங்கே பிரச்சினை தெரியாது. சாட் பக்கம் அப்படி இல்லை. உரையாடலைத் திறந்ததும் கடைசியில் வந்த கொஞ்சம் செய்திகள்தான் ஏறும். நீங்கள் மேலே உருட்ட உருட்டத்தான் பழையவை துண்டு துண்டாக வந்து சேரும். நவம்பரில் குழுவைத் திறந்தவுடன் Ctrl+F போட்டால், தேடப்படுவது நேற்றும் இன்றும் பேசியவை மட்டுமாக இருக்கலாம். ஜூன் மாதம் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவே இல்லை.

எனவே 0/0 என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, உரையாடலின் உச்சியில் தெரியும் தேதி. ஏறியிருக்கும் செய்திகளில் ஆகப் பழையது வரை உருட்டிப் பாருங்கள். அங்கே நவம்பர் 12 என்று இருந்தால், உங்கள் தேடல் நவம்பர் 12-க்கு இந்தப் பக்கம் மட்டுமே நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதைப் பற்றி அந்த 0/0 எதுவுமே சொல்லவில்லை.

சரி, ஜூன் வரை உருட்டிவிட்டுப் பிறகு தேடலாமே என்று தோன்றும். சில மாதச் சாட்டுக்கு அது நடக்கும். ஆனால் இரண்டு தடைகள் உண்டு. கணினியோடு இணைத்த வாட்ஸ்அப்பில் பழைய வரலாறு முழுவதும் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில் உருட்டல் நின்று, இதற்கு முந்தையதைப் போனில் பார்க்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதற்கு மேல் கணினியில் எவ்வளவு முயன்றாலும் பயன் இல்லை. இன்னொன்று, டெலிகிராம் வெப், டிஸ்கார்ட் போன்றவை, நீங்கள் மேலே போகப் போக, கடந்து வந்த கீழ்ச் செய்திகளைப் பக்கத்திலிருந்து கழற்றிவிடும். பிரவுசர் திணறாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் உருட்டினாலும் எந்த நேரத்திலும் ஒரு ஜன்னல் அளவு செய்திகள்தான் Ctrl+F-க்குக் கிடைக்கும்.

நீங்கள் பயன்படுத்தும் சாட் எந்த வகை என்று தெரியாவிட்டால் எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். மேலே வெகுதூரம் உருட்டி, அங்குள்ள செய்தி ஒன்றிலிருந்து வேறெங்கும் வராத சொல்லைக் காப்பி செய்துகொள்ளுங்கள். மறுபடி அடிக்கு வந்து அந்தச் சொல்லை Ctrl+F-இல் போடுங்கள். கிடைத்தால், ஏறியவை பக்கத்திலேயே தங்குகின்றன. கிடைக்காவிட்டால், அந்தச் செயலியில் நீண்ட சாட்டுக்கு Ctrl+F-ஐ நம்பிப் பயனில்லை.

உருட்டுவதற்குப் பதிலாக, சாட்டின் மேல்பட்டையில் இருக்கும் பூதக்கண்ணாடிப் படத்தை அழுத்துங்கள். அது வாட்ஸ்அப்பின் சொந்தத் தேடல். திரையில் ஏறாத பழைய செய்திகளையும் அது பார்க்கும். அதிலேயே நாள்காட்டிப் படம் ஒன்று உண்டு. தேதியைத் தேர்ந்தால் நேரே அந்த நாளுக்குப் போகலாம். “ஜூன் முதல் வாரம்தான் பேசினோம்” என்பது போல நாள் ஓரளவு நினைவிருந்தால், நான் சொல்லைத் தேடமாட்டேன். நாளுக்குத் தாவிவிட்டு, அங்கே போனபின் Ctrl+F போடுவேன். இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் வேகமான வழி.

இன்னொரு சிறு மறைவிடமும் உண்டு. நீளமான செய்திகளைச் செயலி பாதியில் வெட்டி, Read more என்று காட்டும். அதை அழுத்தாதவரை மீதிப் பகுதி Ctrl+F-இல் சிக்காது. கூட்டத் தீர்மானங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நீளச் செய்திகளில்தான் இருக்கும். கொட்டேஷனைப் படமாக எடுத்து அனுப்பியிருந்தாலும், குரல் பதிவாகச் சொல்லியிருந்தாலும் அதில் உள்ள வார்த்தைகளைப் பிரவுசரின் இந்தத் தேடல் தொடாது.

முழு வாக்கியத்தைத் தட்டுவது

இரண்டாவது தவறு, என்ன தட்டினார் என்பது. பொருளாளரின் நினைவில் இருந்தது “இரண்டு கோட்”. செயலாளர் எழுதியது “2 கோட்”. பொருளை வைத்துப் பிரவுசர் தேடாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். நினைவில் இருக்கும் வாக்கியம் பெரும்பாலும் நம் வாக்கியம்தான், எழுதியவருடையது அல்ல. இடையில் ஒரு சொல் மாறினாலும் முழுத் தேடலும் வீண். அவர் ஒரே விஷயத்தை இரண்டு செய்திகளாகப் பிரித்து அனுப்பியிருந்தாலும் வாக்கியமாகத் தேடினால் அகப்படாது.

தமிழில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். “வெளிச்சுவர்” என்று தேடினால் “வெளிச்சுவருக்கு” கிடைக்காது. கடைசியில் உள்ள ‘ர்’ அங்கே ‘ரு’ ஆகிவிட்டது. “ரசீது” என்று தேடினால் “ரசீதை”யும் “ரசீதில்” என்பதும் தப்பிவிடும். எல்லா வடிவத்திலும் மாறாமல் நிற்கும் எழுத்தோடு வெட்டிக்கொள்ள வேண்டும்: “ரசீ” போதும், “சுவ” போதும். பேச்சு வழக்கில் “செவரு” என்று எழுதுகிறவர்களும் உண்டு என்பதால், சுவரை விட்டுவிட்டு வேறு சொல்லைப் பிடிப்பது இன்னும் நல்லது.

நம் கதையில் நான் பிடிக்கக்கூடிய சொல் “பிரைமர்”. பெயிண்ட் பேச்சில் தவிர வேறெங்கும் அது வராது. சிலர் “ப்ரைமர்” என்று எழுதுவார்கள் என்பதால் Ctrl+F-இல் “ரைமர்” என்று மட்டும் கொடுப்பேன், இரண்டும் கிடைக்கும். பிறகு ஆங்கில எழுத்தில் `primer` என்று ஒருமுறை. “கோட்” என்று தேடினால் கோட்டூர்புரம், கோட்டை எல்லாம் வந்து குவியும். “2” என்பதைச் சொல்லவே வேண்டாம். எது முக்கியமான சொல் என்று பார்க்காமல், எது அரிதான சொல் என்று பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிச் சொல்லைத் தேடும் இந்த உத்தி பிரவுசருக்கு ஒத்துவரும். பூதக்கண்ணாடித் தேடலில் சொல்லின் நடுவிலிருந்து தொடங்கினால் விடை வராமல் போகலாம். அங்கே “பிரை” என்று முன்பகுதியைக் கொடுங்கள். ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் தேடல் பட்டையில் Whole Words என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் பாதிச் சொல் தேடல் வேலை செய்யாது.

‘1/5’ என்று வந்துவிட்டால் ஐந்து செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். மேற்கோள் காட்டிப் பதில் போட்டிருந்தால் மூலச் செய்தியின் வரி ஒவ்வொரு பதிலிலும் திரும்ப வரும். இடப்பக்கச் சாட் பட்டியலில் தெரியும் கடைசி வரியும் கணக்கில் சேரும். மேற்கோளை அழுத்தினால் மூலத்துக்கே போய்விடலாம். பெயிண்டரிடம் காட்ட வேண்டியது அந்த மூலச் செய்தியை, தேதியோடு.

தட்டும் முன் கர்சர் எங்கே இருக்கிறது என்றும் ஒரு பார்வை. தேடல் பட்டை மூடியிருப்பதைக் கவனிக்காமல் “பெயிண்டர் ஒரு கோட்” என்று தட்டி Enter அழுத்தினால், அது செய்தியாகக் குழுவுக்கே போய்விடும்.

முழுச் சாட்டையும் கோப்பாக எடுத்துவிடுவது

ஆண்டுக்கணக்கான சாட்டில் அடிக்கடி தேட வேண்டியிருந்தால், அதை எழுத்துக் கோப்பாக எடுத்துப் பிரவுசரில் திறப்பதே சரி. ஆண்ட்ராய்டு போனில் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி, More, Export chat, படங்கள் இல்லாமல் என்ற வரிசை. படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள், இல்லாமல் எடுத்தால் 40,000 என்று வாட்ஸ்அப் வரம்பு சொல்லியிருக்கிறது. ஆகவே கோப்பின் முதல் வரியில் உள்ள தேதியைப் பார்க்காமல் “முழுவதும் வந்துவிட்டது” என்று எண்ணாதீர்கள்.

அந்த .txt கோப்பைக் குரோம் ஜன்னலில் இழுத்துப் போட்டால் எல்லாம் ஒரே பக்கமாக விரியும். இப்போது Ctrl+F உண்மையிலேயே முழுக் கோப்பையும் தேடும், வலப்பக்க உருட்டுப் பட்டையில் கிடைத்த இடங்களெல்லாம் கோடு கோடாகத் தெரியும். தமிழ் எழுத்துக்குப் பதில் ‘à®’ என்று குப்பையாக வந்தால் கோப்பு கெடவில்லை. எழுத்துக் குறியீட்டைப் பிரவுசர் தவறாக ஊகித்திருக்கிறது. நோட்பேடில் திறந்து, Save as போய், UTF-8 with BOM என்று சேமித்து மறுபடி திறந்தால் சரியாகும்.

இங்கே புதிதாக ஒரு பொறி உண்டு. திரையில் தடித்த எழுத்தாகத் தெரிந்தது, கோப்பில் நட்சத்திரக் குறிகளோடு கிடக்கும். வாட்ஸ்அப் திரையில் “பிரைமர் + 2 கோட்” என்று தேடினால் கிடைக்கிற செய்தி, கோப்பில் “பிரைமர் + *2 கோட்*” என்று இருப்பதால் அதே தேடலுக்கு 0/0 காட்டும். நேரத்தைத் தேடும்போதும் `7:42` என்று மட்டும் போடுங்கள். அதற்கும் pm-க்கும் நடுவில் இருப்பது பல கோப்புகளில் நாம் தட்டும் சாதாரண இடைவெளி அல்ல, குறுகிய இடைவெளி என்ற வேறு குறி.

2025 ஏப்ரலில் அறிமுகமான மேம்பட்ட சாட் தனியுரிமை அமைப்பைக் குழுவில் யாராவது போட்டிருந்தால், இப்படிக் கோப்பாக எடுக்க முடியாது. அப்போது போனிலேயே பூதக்கண்ணாடியில் “பிரை” என்று தேடி, கிடைத்த செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறி இட்டு வையுங்கள். அடுத்த முறை நட்சத்திரமிட்ட செய்திகளின் பட்டியலில் தேதியோடு நேரே கிடைக்கும்.